சாட்பாட் எழுதியது யாருக்குச் சொந்தம்? ஒரு தின்பண்டக் கடைக்காக மூன்று வழிகளை ஒப்பிட்டபோது

அம்பத்தூரில் என் அண்ணி சிறுதானியத் தின்பண்டம் செய்து விற்கிறார். வீட்டை ஒட்டி ஒரு சமையலறை, வேலைக்கு இரண்டு பெண்கள், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், இப்போது புதிதாக ஒரு வெப்சைட். போன ஆடி மாதம் அந்த வெப்சைட்டுக்கு எழுத்து தேவைப்பட்டது. 18 பொருட்களுக்குத் தலா ஒரு பத்தி, 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம், அப்புறம் தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்குள் வைக்க 32 பக்கத்தில் ஒரு சமையல் குறிப்புக் கையேடு. கடைகளுக்கு லேபிளும் வெப்சைட்டும் செய்து கொடுப்பது என் வேலை என்பதால் விஷயம் என்னிடம் வந்தது.

முன்னால் இருந்தது மூன்று வழி. சாட்பாட் கொடுப்பதை அப்படியே போடுவது, செலவு எதுவும் இல்லை. சாட்பாட்டிடம் வரைவு வாங்கி அண்ணியே உட்கார்ந்து திருத்துவது, செலவு அவருடைய நேரம். வெளியில் ஒரு எழுத்தாளரிடம் கொடுப்பது. விசாரித்ததில் ஒரு பொருளுக்கு 400 ரூபாய் கேட்டார்கள், 18 பொருளுக்கு 7,200 ரூபாய், கையேட்டுக்குத் தனிக் கணக்கு.

அண்ணி முதல் வழியில் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தார். போனிலேயே 18 பத்தியும் வாங்கி வைத்திருந்தார். "நான்தானே கேட்டு வாங்கினேன் தம்பி, அப்போ எனக்குத்தானே சொந்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். பதில்தான் ஒரே வரியில் முடிவதில்லை.

இங்கே இரண்டு விஷயம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. அந்த எழுத்து யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. அதில் சொந்தம் கொண்டாடும்படி ஏதாவது இருக்கிறதா என்பது இன்னொன்று. பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் அந்த சர்வே எண்ணில் நிலம் இருக்கிறதா என்று தனியாகத்தானே பார்க்க வேண்டும்?

பெயர் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் வியாபாரிக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம் ஒன்று உண்டு. பிரிவு 2(ஈ)-இன் கடைசி உட்பிரிவு. கணினியால் உருவாக்கப்பட்ட எழுத்துக்கு, அது உருவாகக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர் என்கிறது அது. சாட்ஜிபிடி வந்தது 2022 கடைசியில், எனவே இப்போது இருப்பதைப் போன்ற ஒன்றை நினைத்து எழுதிய வரி அல்ல அது, ஆனாலும் கேள்வி கேட்டு வாங்கியவர்தான் அந்த 'நபர்' என்று வாதாட நல்ல இடம் கொடுக்கிறது. (பலர் காப்புரிமை என்று சொல்கிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு உரிய பேடன்ட். எழுத்துக்கு உரியது பதிப்புரிமை. படிவம் நிரப்பும்போது இந்தக் குழப்பம் நிஜமாகவே நேரத்தைத் தின்கிறது.)

நிறுவனங்களின் விதிமுறைகளும் இதே பக்கம்தான். ஓப்பன்ஏஐ தன் பயன்பாட்டு விதிகளில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, வெளிவரும் எழுத்து பயனருக்குச் சொந்தம் என்றும், தங்களுக்கு அதில் ஏதாவது உரிமை இருந்தால் அதைப் பயனருக்கே கொடுத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறது. அந்த 'இருந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பங்காளி எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் மாதிரி அது. 'எனக்குப் பாத்தியம் ஏதும் இருந்தால் விட்டுவிடுகிறேன்' என்று அவர் கையெழுத்துப் போடுவதால் உங்களுக்கும் அவருக்கும் சண்டை இல்லை, அவ்வளவுதான். ஊரில் வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது என்று அந்தப் பத்திரம் சொல்லாது. அதே விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது: வெளிவரும் எழுத்து தனித்துவமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, மற்றவர்களுக்கும் இதே மாதிரி வரலாம்.

நிலம் இருக்கிறதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பதிப்புரிமை கிடைக்க அந்த எழுத்து சொந்தமாக உருவானதாக இருக்க வேண்டும். ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு போதாது, திறமையும் தேர்ந்தெடுக்கும் அறிவும் பயன்பட்டு, குறைந்தபட்சமாகவேனும் படைப்புத்தன்மை இருக்க வேண்டும் என்றது. 'தினை லட்டு பற்றி ஒரு பத்தி எழுது' என்ற ஆறு சொல்லில் அண்ணியின் திறமை எவ்வளவு இருக்கிறது? சாட்பாட் எழுத்தை முன்னால் வைத்து உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைக்கவில்லை. 2020-இல் ஒரு ஓவியத்துக்கு ஏஐ கருவியையும் சக ஆசிரியராகப் போட்டு நம் பதிப்புரிமை அலுவலகம் பதிவு கொடுத்தது, அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெறப்போவதாக நோட்டீஸ் அனுப்பியது. அலுவலகத்துக்கே தடுமாற்றம் இருக்கும் இடத்தில் ஒரு தின்பண்டக் கடை தன் முழு நம்பிக்கையையும் வைக்க முடியாது.

அமெரிக்காவில் இது இன்னும் கறார். மனிதர் ஆசிரியராக இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த அங்குள்ள பதிப்புரிமை அலுவலக அறிக்கை, கேள்வியை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றது. மனிதர் திருத்திச் சேர்த்த பகுதிக்கு மட்டும் உரிமை உண்டு. அண்ணியிடம் நியூ ஜெர்சியிலிருந்து ஆர்டர் வருகிறது என்பதால் இதைச் சொல்கிறேன், இல்லையென்றால் சொல்லத் தேவையே இல்லை.

முதல் வழி: அப்படியே போடுவது

ஆவணிக்குள் முதல் ஆறு பத்திகளை அண்ணி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்கு போன். "நம்மளத அப்படியே திருடிட்டாங்க தம்பி." அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வேறொரு கடையின் கம்பு முறுக்கு விளம்பரம். 'ஒவ்வொரு கடியிலும் பாரம்பரியத்தின் சுவை, ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆரோக்கியத்தின் வாக்குறுதி.' நம் பக்கத்தில் இருந்த அதே வரி. அண்ணிக்கு உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று கோபம்.

அந்தக் கடையின் பழைய பதிவுகளைத் தேடியதில் அவர்கள் இதை நமக்கு ஏழு வாரம் முன்பே போட்டிருந்தார்கள். அவர்களும் நம்மிடமிருந்து எடுக்கவில்லை, நாமும் அவர்களிடமிருந்து எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறோம். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதாமல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அமைந்தால் அது பதிப்புரிமை மீறல் ஆகாது. ஆதாரம் இல்லாமல் நோட்டீஸ் விட்டு மிரட்டினால் எதிராளி அதற்காகவே நீதிமன்றம் போக சட்டத்தின் பிரிவு 60 வழி கொடுக்கிறது. நல்ல வேளை, நோட்டீஸ் போகவில்லை.

அன்றைக்கு ஒரு சோதனை செய்து பார்த்தோம், இப்போது எல்லாக் கடைக்காரர்களுக்கும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். அண்ணி கேட்ட அதே கேள்வியை என் போனில், என் கணக்கில், புதிதாக ஒரு உரையாடல் திறந்து கேட்டேன். அப்புறம் அண்ணனின் போனில் ஒரு தடவை. மூன்று பதிலையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்து, மூன்றிலும் திரும்பி வந்த சொற்றொடர்களை மஞ்சள் ஹைலைட்டரால் பூசினோம். 'பாரம்பரியத்தின் சுவை', 'இயற்கையின் கொடை', 'அன்போடு தயாரிக்கப்பட்ட', 'உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியம் எங்கள் பொறுப்பு'. பத்தியில் பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டது. சட்டம் என்ன சொன்னாலும் சரி, அந்த மஞ்சள் பகுதியை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் தடுக்க முடியாது என்பது கண்ணாலேயே தெரிந்தது.

அதனால் முதல் வழி தப்பு என்று சொல்லவில்லை. 250 கிராம் தினை மாவு பாக்கெட்டுக்கு மூன்று வரி விவரம் வேண்டும், அதை யார் எடுத்துப் போட்டாலும் நமக்கு நஷ்டமில்லை என்றால், அப்படியே போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. உரிமை நம்முடையதோ இல்லையோ, பொறுப்பு முழுக்க நம்முடையது. பாக்கெட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 'சாட்பாட் எழுதியது' என்பது எந்த அதிகாரியிடமும் எடுபடாது. வேறொருவரின் எழுத்து அதில் கலந்து வந்திருந்தாலும் நிலைமை ஏறக்குறைய அதேதான்: பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிய நியாயமும் இல்லை என்று நாம் நிரூபித்தால் பிரிவு 55-இன்படி நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம், தடை உத்தரவிலிருந்தும் லாபத்தைக் கொடுப்பதிலிருந்தும் தப்ப முடியாது. அச்சடித்த 5,000 கவர் குப்பைக்குப் போக அது போதும். இப்படி வழக்கு வந்தால் தாங்கள் பார்த்துக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஏஐ போன்றவர்கள் 2023-இலிருந்து சொல்வது காசு கட்டும் வணிக வாடிக்கையாளர்களுக்கான திட்டம். போனில் இலவசமாக ஓடுவதற்கு அது கிடையாது.

வெளியிடும் முன் அந்த 18 பத்தியில் என்ன பார்த்தோம்

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிரிண்ட் எடுத்த பத்திகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு கேள்வி போட்டோம்: இதற்குக் கையில் என்ன காகிதம் இருக்கிறது? பில், லேப் ரிப்போர்ட், லைசென்ஸ், பழைய போட்டோ, எதுவானாலும் சரி. காகிதம் இருந்தால் டிக், இல்லாவிட்டால் வட்டம். வெறும் அலங்காரம் என்றால் எதுவும் போட வேண்டாம்.

தினை லட்டுப் பத்தி இப்படி இருந்தது: 'மூன்று தலைமுறைகளாக எங்கள் குடும்பம் காத்துவரும் கைப்பக்குவத்தில், தூய கருப்பட்டியில் செய்த சுகர் ஃப்ரீ லட்டு. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க உதவும். நார்ச்சத்து நிறைந்தது.' மூன்று வாக்கியத்தில் நாலு வட்டம்.

மூன்று தலைமுறை என்பது பொய். அண்ணி 2021-இல் ஆரம்பித்தார், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுச் சான்றிதழிலேயே தேதி இருக்கிறது. யாரும் சொல்லாமலே சாட்பாட் ஒரு குடும்ப வரலாற்றைப் போட்டுவிட்டது, அது இந்த மாதிரிப் பத்திகளில் வழக்கமாக வரும் வாசகம் என்பதால்.

சுகர் ஃப்ரீ இன்னும் மோசம். வெள்ளைச் சர்க்கரை போடவில்லை என்று அண்ணி சொல்லியிருந்தார், சாட்பாட் அதை சுகர் ஃப்ரீ ஆக்கிவிட்டது. 2018-இல் வந்த உணவு விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகளின்படி, திட உணவில் 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்படிப் போடக் கூடாது. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், பனையிலிருந்து வருவது மட்டுமே வித்தியாசம். அந்த லட்டை வாங்கிச் சாப்பிட்ட ஒரு சர்க்கரை நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும் என்று அண்ணியிடம் கேட்டேன், அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த வரியான 'நோயைக் கட்டுக்குள் வைக்கும்' என்பதும் அதே விதிமுறையில் அடிபடும். உணவு ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று தனி அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது. தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போக இடமிருக்கிறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் முதல் தடவைக்கு அதே 10 லட்சம் வரை. நார்ச்சத்துக்கு லேப் ரிப்போர்ட் இல்லை, எனவே அதுவும் போச்சு.

கம்பு முறுக்குப் பத்தியில் 'மணப்பாறை முறுக்கின் அசல் ருசி' என்று வந்திருந்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்த வட்டாரத்தில் செய்யும் பொருளுக்கே அந்தப் பெயர் என்ற பதிவு அது. அம்பத்தூரில் சுட்ட முறுக்கை அந்தப் பெயரோடு ஒட்டி விற்பது சாதாரண வர்ணனை இல்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழநி பஞ்சாமிர்தம் எல்லாம் இதே கதைதான், நம் ஊர் தின்பண்டத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் சாட்பாட் இந்தப் பெயர்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். உணவுப் பொருள் விற்கிறவர்கள் ஊர்ப் பெயர் வரும் இடத்தையெல்லாம் தனியாக வட்டம் போட்டுப் பாருங்கள்.

கையேட்டின் முதல் பக்கத்துக்கு ஒரு திருக்குறள் கேட்டிருந்தார் அண்ணி. வந்தது, எண்ணோடு. இரண்டு வரி, எதுகை கூட இருந்தது. சீர் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வந்தது. குறள் என்றால் நாலும் மூன்றும் ஏழு சீர்தான். கொடுத்திருந்த எண்ணைப் புத்தகத்தில் புரட்டினால் அங்கே வேறு குறள், வேறு அதிகாரம். 1,330-இல் எங்குமே இல்லாத ஒன்றை வள்ளுவர் பெயரில் அச்சடிக்க இருந்தோம். பழமொழி, பாரதி வரி, சித்தர் பாட்டு என்று எது வந்தாலும் மூலநூலில் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். சினிமாப் பாட்டு வரியாக இருந்தால் பார்க்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். கவிஞர் காலமாகி 60 வருடம் ஆகும்வரை அதற்கு உரிமையாளர் உண்டு.

கடைசியாகத் திருட்டுச் சோதனை. பத்தியில் கொஞ்சம் வித்தியாசமாக, மிகவும் அழகாக இருக்கும் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுளில் தேடுவது. தமிழ் எழுத்துக்கு இது பாதிதான் வேலை செய்யும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மாற்றிக் கொடுத்திருந்தால் தமிழில் தேடினால் மாட்டாது. அந்த வாக்கியத்தின் கருத்தை ஆங்கிலத்திலும் ஒரு தடவை தேட வேண்டும். 18 பத்திக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது வழி: வரைவு வாங்கித் திருத்துவது

வட்டங்களை எல்லாம் அடித்த பிறகு லட்டுப் பத்தியில் மிச்சம் இருந்தது ஒரு வரி. அண்ணியிடம் அந்த லட்டைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்றேன். சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்:

'தினையை வாசனை வரும்வரை இரும்புச் சட்டியில் வறுத்து அன்றைக்கே மாவாக்குகிறோம். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டித்தான் சேர்ப்போம், இல்லாவிட்டால் பல்லில் மண் கடிக்கும். உருண்டை பிடிப்பது கையால், அதனால் ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். எடை பாக்கெட்டுக்குச் சரியாக இருக்கும். இதில் இருப்பது கருப்பட்டி, சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடவும்.'

இந்தப் பத்தி வேறு யார் போனிலும் வராது. இதில் காகிதம் இல்லாத உரிமைகோரல் ஒன்றும் இல்லை. நாளைக்கு இதை வரிக்கு வரி யாராவது எடுத்துப் போட்டால் தைரியமாகக் கேட்கலாம், ஏனென்றால் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு இங்கே 1994 திருத்தத்தையே இழுக்க வேண்டியதில்லை. சாட்பாட் போட்ட சட்டகம் மட்டும் உதவியது: எதற்கு அடுத்து எது, எங்கே நிறுத்துவது என்பது.

நடைமுறையில் இதற்கு ஒரு பழக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாட்பாட் கொடுத்ததை ஒரு ஃபைலில் அப்படியே தேதியோடு வைத்துவிட்டு, நகல் எடுத்துத் திருத்துங்கள். கூகுள் டாக்ஸில் திருத்தினால் மாற்றங்களின் வரலாறு தானாகவே பதிவாகும். எது இயந்திரம், எது நாம் என்று பிறகு காட்ட அதுதான் ஆதாரம். இன்னொன்று, எந்தக் கணக்கில் கேட்கிறோம் என்பது. கடையில் வேலை செய்யும் பெண் தன் வேலையின் பகுதியாக எழுதினால் பிரிவு 17-இன்படி உரிமை முதலாளிக்கே, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. ஆனால் அவர் தன் சொந்த ஜிமெயில் கணக்கில் சாட்பாட்டைத் திறந்தால், நிறுவனத்தின் அந்த விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டிருப்பது அவர் பெயருக்கு. அவர் வேலையை விட்டுப் போனால் பழைய வரைவுகளும் அவரோடு போய்விடும். கடை பெயரில் ஒரு மெயில், அதில் ஒரு கணக்கு. அவ்வளவுதான்.

மூன்றாவது வழி: வெளியில் கொடுப்பது

இதுதான் பத்திரமான வழி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காசு கொடுத்தோம், மனிதர் எழுதினார், நமக்குச் சொந்தம். இல்லை, அப்படி இல்லை. இந்த ஒரு விஷயத்தை நான் பார்த்த கடைக்காரர்களில் அநேகமாக யாரும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

பிரிவு 17-இல், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும் காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. எழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் நம் ஊழியரும் இல்லை. எனவே 400 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிய பத்திக்கு, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், உரிமையாளர் அவர். நமக்கு இருப்பது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி என்று வைத்துக்கொள்ளலாம், அதன் எல்லை எங்கே என்று சண்டை வந்தால்தான் தெரியும். அவர் சாட்பாட்டில் எழுதி வாங்கிக் கொடுத்தாலும் இதே நிலைதான்; அது உருவாகக் காரணமாக இருந்தவர் அவர், நாம் இல்லை. 7,200 ரூபாய் கொடுத்து, முதல் வழியில் இலவசமாகக் கிடைத்த அதே மஞ்சள் பத்தியை, அதையும் இன்னொருவர் பெயரில் வாங்கியிருப்போம்.

நாங்கள் விசாரித்த எழுத்தாளர் ஒருவர் மாதிரிக்கு இரண்டு பத்தி அனுப்பினார். மஞ்சள் சோதனை போட்டோம். ஒன்றில் ஏறக்குறைய எல்லாமே மஞ்சள். கேட்டதற்கு முழுக்கத் தானே எழுதியதாகச் சொன்னார். ஒரே மாதிரி வருவதால் மட்டும் அவர் பொய் சொன்னார் என்று நிரூபணம் ஆகிவிடாது, மனிதர்களும் தேய்ந்த வாசகம் எழுதுவார்கள். ஆனால் நமக்குத் தேவையானது அதில் இல்லை என்று தெரிந்துவிட்டது, வேறொருவரிடம் போனோம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு பெண், வளசரவாக்கம். சாட்பாட்டைப் பயன்படுத்துவேன், எங்கே என்று குறித்துக் கொடுப்பேன் என்று முதலிலேயே சொன்னார். அவரிடம் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் முக்கியமான வரி இது:

'கீழ்க்காணும் உரைகளின் பதிப்புரிமை முழுவதையும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, உலகம் முழுமைக்கும், இதில் கண்ட தொகையைப் பெற்றுக்கொண்டு, கடை உரிமையாளருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை திரும்பாது. சாட்பாட்டிலிருந்து எடுத்த பகுதிகளைத் தனியாகக் குறித்திருக்கிறேன்.'

நீளமாக இருக்கிறது என்று எதையும் வெட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் பிரிவு 19-ஐப் பார்த்து வைத்தது. காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும், அப்புறம் நியூ ஜெர்சி பாக்கெட்டுக்கு என்ன செய்வது? ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை எழுதியவருக்கே திரும்பிவிடும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. எந்த உரை என்று பட்டியல் இல்லாவிட்டாலும், கையெழுத்து இல்லாவிட்டாலும் மொத்தமும் ஆட்டம் காணும். வாட்ஸ்அப்பில் 'ஓகே மேடம், எல்லாம் உங்களுக்குத்தான்' என்று வந்த மெசேஜை இதற்கு ஈடாக நினைக்காதீர்கள்.

எதை எதற்கு எடுத்தோம்

18 பொருட்களில் மாவு, அவல், சேமியா என்று 11 பொருட்களுக்கு முதல் வழி. வட்டம் போட்டதை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே போட்டோம். யார் எடுத்தாலும் எடுத்துக்கொள்ளட்டும். கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் ஏழு பொருட்களுக்கும் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கும் இரண்டாவது வழி, மூன்று மாலை உட்கார்ந்து முடித்தோம். கையேடு மட்டும் வளசரவாக்கத்துக்குப் போனது. அதில் வரும் பொருட்பட்டியலுக்கு, அதாவது தினை 2 கப், கருப்பட்டி 1 கப் என்பதற்கு, யாருக்கும் பதிப்புரிமை கிடைக்காது. செய்முறையைச் சொல்லும் எழுத்துக்கும் நடுவில் அண்ணி சொன்ன சமையலறைக் கதைகளுக்கும்தான் உரிமை. அதைப் பதிவு செய்ய எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் திரும்ப அச்சடிக்கப்போகும் ஒன்றுக்கு 500 ரூபாய் பெரிய தொகையாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கிஃப்ட் பாக்ஸின் பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதையும் சாட்பாட்டிடம்தான் கேட்டார் அண்ணி. பெயருக்கும் ஒற்றை வரி விளம்பர வாசகத்துக்கும் பதிப்புரிமை கிடையாது, யார் யோசித்தது என்பதும் அங்கே பெரிய விஷயமில்லை. அது டிரேட்மார்க் சமாச்சாரம், யார் முதலில் சந்தையில் பயன்படுத்தினார்கள், யார் பதிவு செய்தார்கள் என்பதுதான் கணக்கு. சாட்பாட் கொடுத்த பத்துப் பெயரையும் டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடலில் 30-ஆம் வகுப்பில், மாவும் பலகாரமும் வரும் வகுப்பு அது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். நாலு பெயர் ஏற்கெனவே வேறொருவரிடம். மூன்று மிகவும் நெருக்கமாக ஒலித்தன. மிச்சம் இருந்த மூன்றில் எதுவும் அண்ணிக்குப் பிடிக்கவில்லை, கடைசியில் தன் மாமியார் அந்த லட்டு டப்பாவுக்கு வீட்டில் வைத்திருந்த பெயரையே வைத்துவிட்டார். அதையும் தேடினோம், யாரிடமும் இல்லை. சிறு தொழிலுக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். விண்ணப்பம் கிண்டி பதிவகத்தில் இருக்கிறது.